எரிவதற்கும் மினுக்குவதற்கும் இடையில்

பள்ளி அறிவியல் மன்றங்களில் ஆர்டுயினோ பயிலரங்கு என்றால் முதல் வகுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர் 20 பேர், ஊனோ போர்டு 10, நேரம் 90 நிமிடம். ஒரு பக்கத்துக்கு மிகாத பாடத்திட்டம். முதல் 10 நிமிடம் மைக்ரோகன்ட்ரோலர் என்றால் என்ன என்ற அறிமுகம். அடுத்த 10 நிமிடம் பாகங்களைக் காட்டுதல். பிறகு கேபிளைச் செருகி, மென்பொருளில் தயாராக இருக்கும் `Blink` என்ற எடுத்துக்காட்டைத் திறந்து அப்லோடு செய்தல். போர்டில் பதித்திருக்கும் சின்ன எல்.இ.டி. மினுக்கும், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதன்பின் பிரெட்போர்டில் தனி எல்.இ.டி. ஒன்றைப் பொருத்தி அதையும் மினுக்க வைத்தல், `delay` எண்ணை மாற்றிப் பார்த்தல், கடைசியில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் வைத்து ஒரு போக்குவரத்து விளக்கு. இந்தத் திட்டத்தைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

இதற்கு உண்மையான பலங்கள் உண்டு. புரோகிராம் எழுதுவதன் விளைவு திரையில் ஓர் எழுத்தாக வராமல் மேசைமேல் ஒளியாக வருகிறது. 13 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேறுபாடு. தேவையான பொருள்கள் குறைவு: போர்டு, கேபிள், எல்.இ.டி., ரெசிஸ்டர், இரண்டு கம்பி. எதுவும் தீர்ந்துபோவதில்லை, அடுத்த ஆண்டும் அதே பெட்டியை எடுத்து வைக்கலாம். அதைவிட முக்கியமானது, ஒரு எண்ணை மாற்றினால் அடுத்த நிமிடமே உலகில் ஒன்று மாறுகிறது என்பது. இயற்பியல் ஆய்வகத்தில் இவ்வளவு விரைவாக விடை தரும் சோதனைகள் அதிகம் இல்லை. இந்தத் திட்டத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதன் வரிசைதான் பிழை என்கிறேன்.

ஆர்டுயினோ எங்கே, யாருக்காகப் பிறந்தது என்பதில் அந்தப் பிழையின் வேர் இருக்கிறது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் 2005இல் மாசிமோ பான்சியும் அவரது கூட்டாளிகளும் இதை உருவாக்கினார்கள். அதே நிறுவனத்தில் படித்த எர்னாண்டோ பர்ராகன் தம் முதுகலை ஆய்வுக்காக அதற்குமுன் உருவாக்கியிருந்த ‘வயரிங்’ என்ற தளம்தான் அடித்தளம். `pinMode`, `digitalWrite`, `delay` போன்ற கட்டளைகள் அங்கிருந்தே வந்தவை. மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்கள் தங்கள் கருத்தை விரைவில் இயங்கும் மாதிரியாக்க வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். ஆகவே உள்ளே நடப்பதை எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவு மறைத்தார்கள். அவர்களுக்கு அது உதவி. அறிவியல் மன்றத்துக்கு வரும் பிள்ளைக்கோ, மறைத்து வைத்த அந்த உள்விஷயம்தான் பாடம். வடிவமைப்பாளருக்கு ஏற்ற வரிசையை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவந்ததில்தான் தடம் மாறியது.

முதல் காரியத்தையே பாருங்கள். கேபிளைச் செருகி `Blink`ஐ அப்லோடு செய்கிறோம், எல்.இ.டி. மினுக்குகிறது. ஆனால் புதிதாக வாங்கும் ஊனோ போர்டுகளில் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் இந்தப் புரோகிராமை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். ஆக, கேபிளைச் செருகிய நொடியிலேயே அது மினுக்கத் தொடங்கிவிடும். மாணவர் அப்லோடு பொத்தானை அழுத்துகிறார், அப்புறமும் அதே வேகத்தில் மினுக்குகிறது. தாம் செய்த செயலால் எதுவும் மாறியதா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அப்லோடு தோற்றுப்போயிருந்தாலும் அவர் கைதான் தட்டியிருப்பார். விளைவு இருந்தும் காரணத்தோடு அதை இணைக்க முடியாத சோதனை இது. அறிவியல் மன்றத்தின் முதல் சோதனை இப்படி இருக்கக் கூடாது.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. முந்தைய நாள் மாலை ஆசிரியர் பத்து போர்டிலும் ஒரு வெற்றுப் புரோகிராமை ஏற்றிவிட வேண்டும். எடுத்துக்காட்டுகள் பட்டியலிலேயே `BareMinimum` என்ற பெயரில் அது இருக்கிறது. `setup`, `loop` என்ற இரண்டு வெற்றுக் கூடுகள், உள்ளே ஒரு கட்டளையும் இல்லை. இந்த ஒரு வேலையில் மூன்று பயன்கள் கிடைக்கும். பழைய மினுக்கல் நின்றுவிடும். அந்த லேப்டாப்பும் கேபிளும் போர்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று தெரிந்துவிடும். மறுநாள் காலை பிள்ளைகளின் நேரம் டிரைவர் தேடுவதில் போகாது. விலை குறைந்த நகல் போர்டுகளில் பெரும்பாலும் சி.எச்.340 என்ற யு.எஸ்.பி. சிப் இருக்கும். பழைய லேப்டாப்களில் அதற்கான டிரைவர் இல்லையென்றால் போர்ட் பட்டியலில் எதுவுமே வராது. சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளைச் செருகினாலும் அதே நிலைதான். போர்டின் பவர் விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்று தோன்றும், ஆனால் லேப்டாப்புக்கு அங்கே ஒரு போர்டு இருப்பதே தெரியாது. திரையில் `not in sync` என்று வந்தால் பெரும்பாலும் போர்டின் வகையையோ `COM` எண்ணையோ தவறாகத் தேர்ந்திருக்கிறோம் என்று பொருள். இவையெல்லாம் ஆசிரியர் முந்தைய நாளே தீர்த்து வைக்க வேண்டியவை. இவற்றில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். தனி எல்.இ.டி.யைப் பொருத்தும் கட்டத்தில், இந்தத் திட்டம் தெரியாத இரண்டை ஒரே நேரத்தில் மாணவர் கையில் கொடுக்கிறது. மின்சுற்றும் அவருக்குப் புதிது, புரோகிராமும் புதிது. இரண்டையும் முடித்துவிட்டு அப்லோடு செய்கிறார். எரியவில்லை. தப்பு எங்கே? எல்.இ.டி. தலைகீழாக இருக்கலாம், கம்பி ஒரு துளை தள்ளிச் செருகியிருக்கலாம், பின் எண் தவறாக இருக்கலாம், ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம். மாணவர் கை தூக்குகிறார், ஆசிரியர் வந்து எதையோ பிடுங்கி எதையோ செருகுகிறார், எரிகிறது. பத்து மேசைகளில் இது நடந்தால் ஆசிரியருக்கு ஓட்டம், மாணவருக்குக் காத்திருப்பு. எரிந்த மேசையிலும் நிலைமை பெரிதாக மேலல்ல. ஏன் எரிந்தது என்று கேட்டால் “புரோகிராம் போட்டோம் சார், எரிஞ்சுது” என்பதுதான் பதிலாக வரும்.

இந்த இரண்டையும் பிரிப்பதற்கு வேண்டிய கருவி போர்டிலேயே இருக்கிறது. ஊனோவின் ஒரு பக்கத்தில் 5 வோல்ட் என்று குறித்த துளை ஒன்று உண்டு. புரோகிராம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேபிள் செருகியிருக்கும் வரை அதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். முதல் கால் மணி நேரத்துக்கு அதை வெறும் பேட்டரியாகப் பயன்படுத்தலாம். 5 வோல்ட் துளையிலிருந்து ஒரு கம்பி பிரெட்போர்டுக்கு. அங்கே 220 ஓம் ரெசிஸ்டர். ரெசிஸ்டரின் மறுமுனை இருக்கும் வரிசையில் எல்.இ.டி.யின் நீளக் கால். குட்டைக் கால் இருக்கும் வரிசையிலிருந்து இன்னொரு கம்பி கிரவுண்டுக்கு. பொருத்தி முடிக்கும் வரை கேபிள் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. முடித்ததும் செருகினால் எல்.இ.டி. எரியும். மினுக்காது, நிலையாக எரியும். இன்னும் ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை.

இந்தக் கட்டத்தில் செய்து பார்க்க எவ்வளவோ இருக்கிறது. எல்.இ.டி.யைத் திருப்பிச் செருகினால் எரியாது, கெட்டும் போகாது. மீண்டும் திருப்பினால் எரியும். மின்னோட்டம் ஒரே திசையில்தான் போகும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரெசிஸ்டரை எல்.இ.டி.க்கு முன்னால் வைக்காமல் பின்னால், கிரவுண்டுப் பக்கம் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லலாம். முன்னால் இருந்தால்தான் மின்னோட்டத்தைத் தடுக்கும் என்று பல பிள்ளைகள் உறுதியாக நம்புவார்கள். இரண்டிலும் ஒளி ஒரே அளவாக இருப்பதைப் பார்க்கும்போது, மின்னோட்டம் சுற்று முழுக்க ஒன்றுதான் என்ற கருத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. பிரெட்போர்டின் ஐந்து துளை கொண்ட ஒரு வரிசை முழுவதும் உள்ளே இணைந்திருக்கிறது என்பதும் இங்கேதான் தெரியவரும். எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது மின்னோட்டம் எல்.இ.டி.யைத் தொடாமல் வரிசை வழியாகவே போய்விடும். ரெசிஸ்டர் இருப்பதால் ஆபத்து இல்லை, வெளிச்சம் மட்டும் வராது.

ரெசிஸ்டரைப் பற்றி ஒரு சொல். பழைய திட்டத்தில் ‘எல்.இ.டி.யைக் காக்க ரெசிஸ்டர் தேவை’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அதை நம்பாத மாணவர் ரெசிஸ்டர் இல்லாமல் போர்டின் பின்னில் நேராகச் செருகிப் பார்த்தால் எல்.இ.டி. பளிச்சென்று எரியும், புகையும் வராது. ஆசிரியர் சொன்னது பொய் என்றுதான் அவருக்குத் தோன்றும். கணக்கைச் சொல்லிவிட்டால் அந்த இடைவெளி இருக்காது. சிவப்பு எல்.இ.டி. எரியும்போது தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். 3ஐ 220ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லிஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குள் எடுப்பது நல்லது, 40ஐ எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. ரெசிஸ்டர் இல்லாதபோது அந்த எல்லை மீறப்படுகிறது. சிப் உடனே சாகாது, ஆனால் அதற்காக வடிவமைக்கப்படாத சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஓமின் விதியை இன்னும் கணக்காகப் போட்டுப் பார்த்திருக்காவிட்டாலும், 5லிருந்து 2ஐக் கழித்து 220ஆல் வகுப்பது அவருக்கு எட்டாத கணக்கல்ல. 220 ஓமுக்குப் பதிலாக 1,000 ஓம் வைத்தால் 3 மில்லிஆம்பியர்தான், ஒளி மங்கும், ஆனாலும் தெரியும். இரண்டு ரெசிஸ்டரையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்த பிள்ளைக்கு ரெசிஸ்டரின் வேலை என்னவென்று தனியாக விளக்க வேண்டாம்.

5 வோல்ட் துளையையும் கிரவுண்டையும் ஒரே கம்பியால் தற்செயலாக இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு இருக்கிறது. நியாயமான அச்சம். அசல் ஊனோவில் 500 மில்லிஆம்பியர் அளவுக்கு, தானே மீண்டுகொள்ளும் ஃபியூஸ் ஒன்று யு.எஸ்.பி. பக்கம் இருக்கிறது. நகல்கள் எல்லாவற்றையும் அப்படி நம்ப முடியாது. கேபிளைச் செருகுமுன் பக்கத்து மேசை மாணவர் ஒருவர் சுற்றை விரலால் தொடர்ந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தால் போதும். இந்தச் சரிபார்ப்பு பழைய திட்டத்தில் இல்லை. சுற்றை வாசிக்கக் கற்பதும் அதிலேயே நடந்துவிடும்.

இப்போது முழுப் பயிலரங்கின் திருப்பம். எல்.இ.டி. நிலையாக எரிந்துகொண்டிருக்கிறது. 5 வோல்ட் துளையில் இருக்கும் கம்பியை மட்டும் எடுத்து 8ஆம் எண் பின்னில் செருகச் சொல்லுங்கள். வேறு எதையும் தொடக் கூடாது. விளக்கு அணைந்துவிடும். முந்தைய நாள் ஏற்றிய வெற்றுப் புரோகிராமில் 8ஆம் பின்னுக்கு எந்த உத்தரவும் இல்லை என்பதே காரணம். மீண்டும் 5 வோல்ட்டுக்கு மாற்றினால் எரியும். ஆகச் சுற்று சரியாகத்தான் இருக்கிறது, 8ஆம் பின் மின்சாரம் தரவில்லை, தரச் சொல்ல யாரோ வேண்டும். அந்த ‘யாரோ’ புரோகிராம்தான் என்பது இந்த இடத்தில் மாணவருக்குத் தானாகவே பிடிபடும். பழைய திட்டத்தில் பத்து நிமிட விளக்கவுரையால் சொல்ல முயன்றதை ஒரு கம்பி செய்துவிடுகிறது.

பிற்பாடு தவறு கண்டுபிடிக்கவும் இதே கம்பி உதவும். மினுக்கவில்லையென்றால் கம்பியை 5 வோல்ட்டுக்கு மாற்றிப் பார். எரிந்தால் சுற்று நலம், கோளாறு புரோகிராமில். எரியாவிட்டால் புரோகிராமைத் தொடாதே, பிரெட்போர்டைப் பார். இந்த ஒரு சோதனையை அறிந்த மாணவர் ஆசிரியரை அழைப்பதற்கு முன்பே பாதி வழி போய்விடுகிறார்.

அதன்பிறகுதான் புரோகிராம். எடுத்துக்காட்டைத் திறப்பதற்குப் பதிலாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஐந்தே கட்டளை வரிகள்தான்.

```
void setup() {
  pinMode(8, OUTPUT);
}
void loop() {
  digitalWrite(8, HIGH);
  delay(1000);
  digitalWrite(8, LOW);
  delay(1000);
}
```

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது நேரம் பிடிக்கும் என்பதை மறுக்க முடியாது. அடைப்புக்குறி விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே சில நிமிடம் போகும். `pinMode` என்பதில் எம் பெரிய எழுத்து. சின்னதாக அடித்தால் `'pinmode' was not declared in this scope` என்று சிவப்பில் வரும். அரைப்புள்ளியை விட்டுவிட்டால் வரும் பிழைச்செய்தி இன்னும் குழப்பும், ஏனென்றால் அது பெரும்பாலும் தவறு நடந்த வரியை விட்டு அடுத்த வரியைக் காட்டும். இதையெல்லாம் காரணம் காட்டித்தான் பல ஆசிரியர்கள் எடுத்துக்காட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். ஆனால் திறந்த புரோகிராமில் மாணவர் படிப்பது அந்த எண்ணை மட்டும்தான். தட்டச்சு செய்தவர் ஒவ்வொரு வரியையும் ஒருமுறையாவது கண்ணால் தொட்டிருப்பார். இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிட்டால் பாதித் தொல்லை குறையும்: பெரிய எழுத்துகளில் கவனம், பிழை காட்டிய வரிக்கு முந்தைய வரியையும் பார்.

மினுக்கல் வந்துவிட்டது. பழைய திட்டம் இங்கே `delay` எண்ணை மாற்றச் சொல்கிறது. 1000 என்பதை 200 ஆக்கினால் வேகம் கூடும். இது நல்லது, ஆனால் எல்லாரும் முன்னரே ஊகிக்கக்கூடியது. சிறிய எண், சிறிய நேரம் என்பதற்கு மேல் புரோகிராமைப் பற்றி இது எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசி `delay(1000);` வரியை மட்டும் அழித்துவிட்டால் என்ன ஆகும்?

அழிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுத வேண்டும். இது கட்டாயம். வாயால் சொல்லச் சொன்னால் முதலில் பேசும் பிள்ளையின் பதிலே எல்லாருக்குமான பதிலாகிவிடும். பலர் இரண்டு மடங்கு வேகமாக மினுக்கும் என்று எழுதுவார்கள். சிலர் பிழை காட்டும் என்பார்கள். ஒரு விநாடி எரிந்து அணைந்துபோகும், பிறகு எரியவே எரியாது என்றும் சிலர் எழுதுவார்கள். அப்லோடு செய்தால் எல்.இ.டி. அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது.

இதை மெதுவாகப் பிரித்துப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். போர்டு விளக்கைப் போடுகிறது, ஒரு விநாடி காத்திருக்கிறது, அணைக்கிறது. அடுத்து வரி எதுவும் இல்லை. `loop` முடிந்ததால் உடனே முதல் வரிக்குத் திரும்பி மறுபடி விளக்கைப் போடுகிறது. விளக்கு அணைந்தது உண்மை, ஆனால் அணைந்திருந்த காலம் சில மைக்ரோவிநாடிகள். அதைப் பிடிக்கும் கண் நமக்கு இல்லை. `loop` என்ற சொல் ‘திரும்பத் திரும்ப’ என்று பொருள்படும் என்பதைப் பாடமாகச் சொன்னபோது தலையாட்டிய பிள்ளைகளில் பலர், அந்தத் திரும்பல் எந்த நொடியில் நடக்கிறது என்பதை இப்போதுதான் உணர்வார்கள். ‘ஒரு விநாடி எரிந்து பிறகு எரியவே எரியாது’ என்று எழுதியவரை ஆசிரியர் கவனிக்க வேண்டும். புரோகிராமைக் கதைபோல ஒருமுறை படித்து முடித்துவிடுகிறார் அவர். அவருக்கு இன்னும் `loop` போய்ச் சேரவில்லை என்பது அந்த ஒரு வரியிலிருந்தே தெரிகிறது. இரண்டாவதற்குப் பதிலாக முதல் `delay` வரியை அழித்தால் என்ன என்று அவரிடம் கேட்டு, மறுபடி எழுதச் சொல்லலாம். சரியாக ஊகித்தால் அவர் வந்து சேர்ந்துவிட்டார்.

இதிலிருந்து இயல்பாகவே அடுத்த சோதனை பிறக்கும். இரண்டு `delay`யையும் திரும்ப வைத்து, எண்ணை 100, 50, 20, 10 என்று குறைத்துக்கொண்டே போனால், எந்த எண்ணில் உங்கள் கண்ணுக்கு மினுக்கல் நின்றுபோகிறது? 10 என்றால் எரிய 10 மில்லிவிநாடி, அணைய 10 மில்லிவிநாடி, ஆக ஒரு சுற்றுக்கு 20, விநாடிக்கு 50 முறை. அங்கே பெரும்பாலான கண்களுக்கு நிலையான ஒளிதான் தெரியும். பிரெட்போர்டைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் விரைவாக அசைத்தால் ஒளிக்கோடு துண்டு துண்டாகத் தெரியும், மினுக்கல் நிற்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொருவரும் தம் எண்ணைக் கரும்பலகையில் எழுத, வகுப்பின் எண்கள் சற்றே சிதறி நிற்கும். ஏன் எல்லாருக்கும் ஒரே எண் இல்லை என்ற கேள்வி கண்ணைப் பற்றியது. அறிவியல் மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இந்தப் பெட்டியிலிருந்து கிடைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மினுக்கும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வெளிச்சமான அறையில் ஒரு சின்ன எல்.இ.டி.யால் வரும் அபாயம் குறைவுதான். ஆனாலும் முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுவிடுவதும், அறை விளக்குகளை அணைக்காமல் இருப்பதும், எல்.இ.டி.யைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்வதும் திட்டத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். நான் பார்த்த திட்டங்கள் எதிலும் அது இல்லை.

நேரம் மீதியிருந்தால் ஒரு தவறு வேட்டை. `pinMode` வரியை மட்டும் நீக்கிய புரோகிராமை ஏற்றிய போர்டு ஒன்றை மேசை மேசையாக அனுப்பலாம். எல்.இ.டி. மினுக்கும், ஆனால் மிக மங்கலாக. அந்த வரி இல்லாதபோது பின் வெளியீடாக மாறுவதில்லை. `HIGH` என்ற உத்தரவு சிப்புக்குள்ளே இருக்கும் பெரிய மின்தடை ஒன்றின் வழியாகவே 5 வோல்ட்டை அனுப்புகிறது. அது 20,000 ஓமுக்கு மேல் இருக்கும், அதனால் 14 மில்லிஆம்பியருக்குப் பதிலாக அதில் நூறில் ஒரு பங்கு அளவே வருகிறது. மாணவருக்கு இந்த உள்மின்தடை தெரிய வேண்டியதில்லை. ஆனால் கம்பியை 5 வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்து, அங்கே நன்றாக எரிகிறது, ஆகவே கோளாறு புரோகிராமில் என்று அவர் சொல்லிவிட முடியும். ஐந்து வரிகளில் எது இல்லை என்று தம் புரோகிராமோடு ஒப்பிட்டும் கண்டுபிடிப்பார். மங்கல் என்ற அறிகுறியை ஒருமுறை பார்த்துவிட்டவர் அடுத்த முறை தமக்கே அது நடக்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அறிவார்.

இப்படி மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு. 5 வோல்ட் கட்டத்துக்குக் கால் மணி, தட்டச்சுக்கு 25 நிமிடம், ஊகம் எழுதும் சோதனைகளுக்கு அரை மணி, கண் அளவீட்டுக்கும் தவறு வேட்டைக்கும் மீதி. 90 நிமிடம் தீர்ந்துவிடும். போக்குவரத்து விளக்குக்கு இடமில்லை. அது உண்மையான இழப்பு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், தலைமையாசிரியர் வந்து பார்க்கும்போது காட்ட ஒரு பொருள் இருக்கும், அறிவியல் கண்காட்சி மேசையிலும் வைக்கலாம். ஆனால் அது கற்பிப்பது என்ன? அதே சுற்று மூன்று முறை, அதே நான்கு வரிகள் மூன்று முறை. பின் எண்ணை மாற்றி ஒட்டினால் போதும், `loop` புரியாதவரும் அதை முடித்துவிடலாம். முடித்தவர் புரிந்துகொண்டார் என்று ஆசிரியரும் நம்பிவிடுவார். முதல் வகுப்பில் அதை விட்டுவிடுவதே சரி என்பது என் முடிவு. இரண்டாம் வகுப்பில், `loop` தெளிந்தபிறகு, அது நல்ல பயிற்சி.

ஒரு போர்டுக்கு இருவர் என்பதிலும் பழைய திட்டம் கவனக்குறைவாக இருக்கிறது. வீட்டில் கணினி இருக்கும் பிள்ளை விசைப்பலகையைப் பிடித்துக்கொள்கிறது, மற்றது கம்பி எடுத்துக் கொடுக்கிறது, 90 நிமிடமும் அப்படியே போகிறது. புதிய வரிசையில் வேலை தானாகவே துண்டுகளாகிவிடுவதால், சுற்றைப் பொருத்தியவர் தட்டச்சு செய்யட்டும், தட்டச்சு செய்தவர் வரியை அழிக்கட்டும் என்று கட்டத்துக்குக் கட்டம் மாற்றிவிட முடியும்.

கடைசியாகக் கற்றல் விளைவு என்று திட்டத்தின் அடியில் எழுதும் வரி. ‘மாணவர் டிஜிட்டல் வெளியீட்டைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பது? ‘ஒரு வரியை நீக்கினால் என்ன நடக்கும் என்று செய்யுமுன் சொல்வார், மினுக்காத போர்டில் கோளாறு சுற்றிலா புரோகிராமிலா என்று தாமே பிரிப்பார்’ என்று எழுதினால், வகுப்பு முடிவதற்கு முன்னரே யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

எந்த வரிசையில் நடத்தினாலும் ஒரு கேள்வி வந்தே தீரும். இரண்டாவது எல்.இ.டி.யைப் பொருத்தி, ஒன்று மெதுவாகவும் மற்றது வேகமாகவும் மினுக்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். இருப்பதை வைத்து முயன்றால் நடக்காது, ஏனென்றால் `delay` ஓடும்போது போர்டு வேறு எதையும் செய்யாது. இரண்டாம் விளக்கு முதல் விளக்கின் காத்திருப்பு முடியும் வரை நிற்கும். இதற்கான வழி `millis` என்ற கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முடிவெடுப்பது. அதை அன்றே சொல்லித் தரக் கூடாது, ஐந்து வரி தெரிந்த பிள்ளைக்கு அது மிகை. ஆனால் ‘அதெல்லாம் பிறகு’ என்று தள்ளிவிடவும் கூடாது. முயன்று பார்க்க விட்டு, இரண்டு விளக்கும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடப்பதைக் கண்ணால் பார்க்கச் செய்து, எந்த வரியில் போர்டு சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். அந்த வரியைச் சுட்டிக்காட்டுகிறவருக்கு அடுத்த வாரம் `millis` எதற்காக வருகிறது என்பது வகுப்புக்கு வருமுன்பே தெரிந்திருக்கும்.